வாக்கியமா, திருக்கணிதமா, மலையாளப் பஞ்சாங்கமா: பாலக்காட்டு எல்லையில் எதைப் பார்ப்பது?

கொழிஞ்சாம்பாறை, சித்தூர், கொல்லங்கோடு பக்கம் உள்ள தமிழ் வீடுகளில் பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட பஞ்சாங்கம் இருக்கும். பொள்ளாச்சிச் சந்தைக்குப் போனவர் வாங்கி வந்த வாக்கியப் பஞ்சாங்கம் ஒன்று. ஜாதகம் எழுதுகிறவர் சொல்லி வாங்கிய, வானத்தில் காணும் நிலைக்குப் பொருந்தக் கணித்த திருக்கணிதம் ஒன்று. அடுப்படிச் சுவரில் மலையாளக் காலண்டர் ஒன்று. மூன்றும் வருடத்தில் பல நாள் ஒத்துப்போகும். ஒத்துப்போகாத நாளில்தான், "அண்ணே, அப்பாவோட தெவசத்துக்கு ஒண்ணு புதன்கிழமைங்குது, இன்னொண்ணு வியாழக்கிழமைங்குது. எதைங்க எடுக்கறது?" என்று கேள்வி வருகிறது.

எதை எடுப்பது என்று தீர்மானிக்க, அந்த நாளில் நமக்கு வேண்டியது ஐந்து அங்கங்களில் எது என்று முதலில் பார்க்க வேண்டும். வாரம், திதி, நட்சத்திரம், யோகம், கரணம் ஐந்தும் ஒரே மாதிரி கணிக்கப்படுவதில்லை. அதனால் ஐந்தும் ஒரே அளவு பிசகுவதும் இல்லை. பஞ்சாங்கத்துக்குப் பஞ்சாங்கம் சில அங்கம் அசையவே அசையாது, சில அங்கம் மணிக்கணக்கில் நகரும்.

கணக்கின் அடிப்படை எளியது. குறிப்பிட்ட நேரத்தில் சூரியன் ராசிச் சக்கரத்தில் எத்தனை பாகையில் நிற்கிறது, சந்திரன் எத்தனை பாகையில் நிற்கிறது, அன்று நம் ஊரில் உதயம் எப்போது என்ற மூன்றும் தெரிந்தால் ஐந்து அங்கமும் வந்துவிடும். ஓர் உதாரணக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். ஆவணி மாதம், தேய்பிறை, புதன்கிழமை. உதயம் சரியாகக் காலை 6 மணி என்று வைத்துக்கொள்வோம். அப்போது திருக்கணிதப்படி சூரியன் 130 பாகை, அதாவது சிம்மத்தில் 10. சந்திரன் 31 பாகை 20 கலை, அதாவது மேஷம் கடந்து ரிஷபத்தில் ஒரு பாகை சொச்சம். ஒரு பாகைக்கு 60 கலை. அன்று சந்திரனின் வேகம் நாளுக்கு 12½ பாகை. சூரியன் வேகம் நாளுக்கு 58 கலை.

திதிக்குச் சந்திரனிலிருந்து சூரியனைக் கழிக்க வேண்டும். 31 பாகை 20 கலையிலிருந்து 130 போகாது என்பதால் ஒரு சுற்று, 360, கூட்டிக் கழித்தால் 261 பாகை 20 கலை கிடைக்கும். ஒரு திதி 12 பாகை. 12ஆல் வகுத்தால் 21 திதி முடிந்து 22ஆவது ஓடுகிறது. முதல் பதினைந்து வளர்பிறை, ஆகவே இது தேய்பிறை சப்தமி. அடுத்த எல்லை 264 பாகை. இன்னும் 2 பாகை 40 கலை இருக்கிறது. சந்திரன் சூரியனைவிட நாளுக்கு 11 பாகை 32 கலை முந்துகிறது, ஆகவே அந்த இடைவெளியைக் கடக்க ஐந்தரை மணி நேரம் ஆகும். முற்பகல் 11.33க்குச் சப்தமி முடிந்து அஷ்டமி தொடங்கும்.

கரணம் திதியில் பாதி, 6 பாகை. ஒரு மாதத்துக்கு 60 கரணம், பெயரோ பதினொன்றுதான். பவம், பாலவம், கௌலவம், தைதுலம், கரசை, வணிசை, பத்திரை என்ற ஏழும் எட்டு முறை சுழலும். மீதி நான்கு, தேய்பிறைச் சதுர்த்தசியின் பின்பாதியில் சகுனி, அமாவாசையில் சதுஷ்பாதமும் நாகவமும், வளர்பிறைப் பிரதமையின் முன்பாதியில் கிம்ஸ்துக்னம் என்று நிலையாக வரும். நம் கணக்கில் 261 பாகை 20 கலையை 6ஆல் வகுத்தால் 44ஆவது கரணம், அது பவம். திதிக்கும் கரணத்துக்கும் கணக்கு ஒன்றே என்பதால் திதி எவ்வளவு பிசகுகிறதோ கரணமும் அவ்வளவே பிசகும். அதைத் தனியாக ஒப்பிட வேண்டியதில்லை.

நட்சத்திரத்துக்குச் சூரியன் தேவையில்லை. சந்திரன் நிற்கும் பாகையை 13 பாகை 20 கலையால் வகுக்க வேண்டும். 26 பாகை 40 கலையிலிருந்து 40 பாகை வரை கார்த்திகை. நம் சந்திரன் அதற்குள் நிற்கிறது. மீதம் 8 பாகை 40 கலை, ஆகவே இரவு 10.38 வரை கார்த்திகை. யோகத்துக்கு இரண்டையும் கழிக்காமல் கூட்ட வேண்டும். 130உம் 31 பாகை 20 கலையும் சேர்ந்து 161 பாகை 20 கலை. அதையும் 13 பாகை 20 கலையால் வகுத்தால் 13ஆவது யோகம், வியாகாதம். இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். நாட்காட்டித் தாளில் "சித்த யோகம்", "அமிர்த யோகம்", "மரண யோகம்" என்று வருவது இந்த யோகம் அல்ல. அது கிழமையும் நட்சத்திரமும் சேர்வதைக் கொண்டு அட்டவணையிலிருந்து எடுப்பது. பஞ்சாங்கத்தின் நான்காவது அங்கமான யோகம் விஷ்கம்பத்தில் தொடங்கி வைதிருதியில் முடியும் 27.

வாரத்துக்கு வானத்தைப் பார்க்கவே வேண்டாம். ஓர் உதயத்திலிருந்து அடுத்த உதயம் வரை ஒரு கிழமை. நள்ளிரவில் மாறுவது கடிகாரக் கிழமை. வியாழன் விடியற்காலை 4 மணிக்குப் பிறந்த குழந்தைக்குப் பஞ்சாங்கப்படி புதன்கிழமைதான். இதில் எந்தப் பஞ்சாங்கத்துக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

இனி வாக்கியத்துக்கு வருவோம். சந்திரன் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. பூமிக்கு அருகில் வரும்போது விரைந்தும் தூரப் போகும்போது மெதுவாகவும் நகர்கிறது. இந்த ஏற்ற இறக்கம் ஏறத்தாழ 27½ நாளுக்கு ஒரு முறை திரும்பும். ஒன்பது முறை திரும்ப 248 நாள். அந்த 248 நாளுக்கும் சந்திரன் நகரும் தூரத்தை நாளுக்கு ஒரு சொற்றொடராக எழுத்தில் மறைத்து மனப்பாடம் செய்ததுதான் வாக்கியம். வரருசியின் பெயரால் வழங்கும் முதல் வாக்கியம் "கீர்ந: ச்ரேய:". கடபயாதி முறையில் எழுத்துகளை எண்ணாக்கித் திருப்பிப் படித்தால் 12 பாகை 3 கலை வரும். முதல் நாள் ஓட்டம் அது. இருஞ்சாலக்குடா பக்கத்தவராகக் கருதப்படும் சங்கமகிராம மாதவன் 14ஆம் நூற்றாண்டில் இதையே விகலை வரை நுணுக்கி "சீலம் ராஜ்ஞ: ச்ரியே", 12 பாகை 2 கலை 35 விகலை, என்று திருத்தினார். நாம் இருக்கிற மண்ணிலேயே இந்தக் கணிதம் செதுக்கப்பட்டது என்பதில் எனக்குப் பெருமை உண்டு. தாளும் பென்சிலும் இல்லாமல் சோழியை வைத்துக்கொண்டு ஒருவர் சந்திரன் நிற்கும் இடத்தைச் சொல்ல முடிந்தது.

ஆனால் அதில் இல்லாத ஒன்று இருக்கிறது. சந்திரனின் வேகத்தைப் பூமியின் தூரம் மட்டும் தீர்மானிப்பதில்லை, சூரியனின் இழுப்பும் தீர்மானிக்கிறது. பழைய கணிதம் கிரகணங்களைக் கொண்டு சரிபார்க்கப்பட்டது. கிரகணம் வருவது அமாவாசையிலும் பௌர்ணமியிலும் மட்டுமே. அந்த இரண்டு நேரங்களில் சந்திரன் தன் சராசரி இடத்திலிருந்து அதிகபட்சம் 5 பாகைதான் விலகும். வாக்கியம் அந்த 5 பாகையைச் சரியாகப் பிடித்து வைத்திருக்கிறது. ஆனால் அஷ்டமியை ஒட்டி, சந்திரன் பாதியாகத் தெரியும் நாட்களில், சூரியனின் இழுப்பு எதிர்ப்புறமாக வேலை செய்து அந்த விலகல் 7½ பாகை வரை போகிறது. வாக்கியம் அப்போதும் 5 பாகையே கொடுக்கும். வித்தியாசம் அதிகபட்சம் 2½ பாகை. சந்திரன் அதைக் கடக்க ஏறத்தாழ ஐந்து மணி நேரம் வேண்டும்.

இதனால் வாக்கியமும் திருக்கணிதமும் அமாவாசை, பௌர்ணமி நேரங்களில் பெரும்பாலும் நெருங்கி வரும். அஷ்டமி, நவமி பக்கம்தான் மணிக்கணக்கில் பிரியும். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் எந்தப் பஞ்சாங்கம் என்று சண்டை வருவது அபூர்வம். கோகுலாஷ்டமியில் வரும். அஷ்டமியில் இறந்தவருடைய திதியில் வரும்.

இப்போது அந்தப் புதன்கிழமைக்குத் திரும்புவோம். வாக்கியப்படி அதே உதயத்தில் சந்திரன் 29 பாகை 10 கலையில் இருப்பதாகக் கொள்வோம். திருக்கணிதத்தைவிட 2 பாகை 10 கலை பின்னால். மேலே சொன்ன எல்லைக்குள் அடங்குகிற வித்தியாசம்தான். சூரியனையும் வேகங்களையும் இரண்டிலும் ஒன்றாகவே வைத்துக்கொள்கிறேன். வாக்கியத்தின் திதிக் கணக்கு 259 பாகை 10 கலை. அஷ்டமி தொடங்க இன்னும் 4 பாகை 50 கலை, அதற்குப் பத்து மணி நேரம். ஆகவே மாலை 4.03க்கு அஷ்டமி தொடங்கி மறுநாள் மாலை 5 மணி சுமாருக்கு முடியும். திருக்கணிதத்தில் புதன் முற்பகல் 11.33க்குத் தொடங்கி வியாழன் பகல் 12.31க்கு முடியும்.

தெவசத்துக்குத் திதி உதயத்தில் இருந்தால் போதாது, அபராஹ்ணத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. பகலை ஐந்து பங்காக்கினால் நான்காம் பங்கு அது. 6க்கு உதயம், 6க்கு அஸ்தமனம் என்றால் பிற்பகல் 1.12 முதல் 3.36 வரை. திருக்கணிதப்படி புதனன்று அந்த நேரம் முழுக்க அஷ்டமி, வியாழனன்று நவமி வந்துவிடுகிறது. எனவே தெவசம் புதன். வாக்கியப்படி புதனன்று அந்த நேரத்தில் இன்னும் சப்தமி, வியாழனன்று முழுக்க அஷ்டமி. எனவே தெவசம் வியாழன். இரண்டு பஞ்சாங்கமும் தத்தம் கணக்கில் தவறு செய்யவில்லை. இரண்டு பாகையும் சில கலையும் ஒரு முழு நாளாகிவிட்டது, அவ்வளவுதான்.

அதே நாளில் நட்சத்திரத்தைப் பாருங்கள். வாக்கியத்தில் கார்த்திகை பின்னிரவு 2.48 வரை, திருக்கணிதத்தில் இரவு 10.38 வரை. நான்கு மணி நேர வித்தியாசம் இருந்தும் இரண்டு எல்லையும் இரவில் விழுவதால், புதன் உதயத்தில் இரண்டிலும் கார்த்திகை, வியாழன் உதயத்தில் இரண்டிலும் ரோகிணி. நட்சத்திரப் பிறந்தநாள் கொண்டாடுகிறவருக்கு அன்று எந்தச் சிக்கலும் இல்லை. யோகத்திலோ உதயத்திலேயே பெயர் மாறுகிறது. வாக்கியத்தில் கூட்டுத்தொகை 159 பாகை 10 கலை, அதாவது துருவம், காலை ஏழரை வரை. திருக்கணிதத்தில் வியாகாதம்.

நட்சத்திரத்துக்கும் யோகத்துக்கும் இன்னொரு நகர்வும் உண்டு, அது அயனாம்சம். ராசிச் சக்கரத்தின் தொடக்கப் புள்ளியை எங்கே வைப்பது என்பதில் திருக்கணிதக்காரர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருக்கிறது. மேக்நாத் சாஹா தலைமையிலான பஞ்சாங்கச் சீர்திருத்தக் குழு 1956 மார்ச் 21க்கு 23 பாகை 15 கலை என்று நிர்ணயித்ததைப் பலர் பின்பற்றுகிறார்கள், சிலர் வேறு வைக்கிறார்கள். இரண்டு கணக்கில் அயனாம்சம் ஒரு பாகை வேறுபட்டால் திதிக்கு ஒன்றும் ஆகாது. சூரியனும் சந்திரனும் சேர்ந்தே ஒரு பாகை நகர்கின்றன, கழிக்கும்போது அது அடிபட்டுப் போகிறது. நட்சத்திரம் நம் உதாரண நாளில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் தள்ளும். யோகம் மூன்றரை மணி நேரம் தள்ளும், ஏனென்றால் கூட்டும்போது அந்த ஒரு பாகை இரண்டாகிறது. ஐந்து அங்கங்களில் நம்பி நாள் குறிக்க மிகவும் கடினமானது யோகம்தான் என்று நான் சொல்வது இதனால். இரண்டு திருக்கணிதப் பஞ்சாங்கங்களில் திதி நிமிடம் பிசகாமல் ஒத்து, நட்சத்திரம் சற்று விலகி, யோகம் அதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு விலகினால் வேறு காரணம் தேட வேண்டாம், அயனாம்சமே காரணம்.

மூன்றாவது, மலையாளப் பஞ்சாங்கம். கேரளத்தில் இன்று பரவலாக அச்சாகும் பஞ்சாங்கங்கள் திருக்கணித வழியிலேயே கணிக்கப்படுகின்றன. 1431இல் வடசேரி பரமேஸ்வரன் திருக்கணித முறையை வகுத்ததும் அங்கேதான். ஆகவே திதி, நட்சத்திர முடிவு நேரங்கள் தமிழ்த் திருக்கணிதத்தோடு ஏறக்குறைய ஒத்துப்போகும். நமக்கு அதில் கிடைக்கும் பெரிய லாபம் உதயம். கேரளத்து உதயத்தைக் கொண்டு கணித்திருப்பார்கள். சென்னை உதயத்தைக் கொண்டு கணித்த பஞ்சாங்கத்தில் "சப்தமி நாழிகை 13" என்று இருந்தால் அது சென்னை உதயத்திலிருந்து 13 நாழிகை. பாலக்காடு சென்னைக்கு மேற்கே மூன்றரைப் பாகை தள்ளி இருப்பதால் இங்கே உதயம் சித்திரை, ஐப்பசிக் காலத்தில் கால் மணி நேரம் பிந்தும். ஆனி, ஆடியில் இன்னும் சற்றுக் கூடும், மார்கழியில் குறையும். சென்னை நாழிகையைப் பாலக்காட்டு உதயத்தோடு கூட்டினால் திதி முடிவு அவ்வளவும் தள்ளிப் போய்விடும். மணி, நிமிடத்தில் கொடுத்த நேரத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. சூரியனும் சந்திரனும் அந்த நிலைக்கு வரும் கணம் சென்னைக்கும் பாலக்காட்டுக்கும் ஒன்றுதான். ஆகவே எந்தப் பஞ்சாங்கமானாலும் முடிவு நேரத்தை மணியில் எடுத்து, உதய அஸ்தமனத்தை மட்டும் நம் ஊருக்கு எடுக்க வேண்டும்.

மலையாளப் பஞ்சாங்கத்தைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தால் மாட்டிக்கொள்ளும் இடம் விதிகளில். அங்கே பிறந்தநாளுக்கு நட்சத்திரம் உதயத்துக்குப் பின் 6 நாழிகையாவது இருக்க வேண்டும் என்று பார்ப்பார்கள். ஒரு நட்சத்திரம் காலை 7 மணிக்கு முடிந்தால் உதயத்தில் இருந்தது என்று நாம் எடுக்கும் நாளும் அவர்கள் எடுக்கும் நாளும் வேறாகும். மாதப் பிறப்பிலும் அப்படியே. சூரியன் ராசி மாறும் சங்கிரமணம் அஸ்தமனத்துக்கு முன் நடந்தால் தமிழ் மாதம் அன்றே பிறக்கும், மலையாள மாதத்துக்கு அது பகலின் ஐந்தில் மூன்று பங்குக்குள் நடக்க வேண்டும். 2023இல் மேஷ சங்கிரமணம் பிற்பகல் 3 மணியை ஒட்டி வந்ததால் நமக்கு ஏப்ரல் 14 சித்திரை 1, விஷு ஏப்ரல் 15. சந்திரன் ஒன்றுதான், கணிதமும் ஒன்றுதான், நாள் எடுக்கும் வழக்கம்தான் வேறு.

கையில் உள்ளது எந்த வகை என்று அட்டையைப் பார்க்காமலே கண்டுபிடிக்கலாம். வாக்கியத்துக்கு "பாண விருத்தி, ரச க்ஷயம்" என்பார்கள். ஒரு திதி 60 நாழிகைக்கு மேல் அதிகம் 5 நாழிகை கூடும், 6 குறையும். அதாவது இருபத்தொன்றரை மணி சொச்சம் முதல் 26 மணி வரை. திருக்கணிதத்தில் கூடுவது 7, குறைவது 10. வருடத்தில் எங்கேனும் ஒரு திதி 21 மணி நேரத்துக்குக் குறைவாக ஓடியிருந்தால் அது வாக்கியம் அல்ல. இன்னொரு சோதனையும் உண்டு. வளர்பிறை அஷ்டமியின் நட்டநடு, அதாவது பத்திரை முடிந்து பவம் தொடங்கும் கணம், சந்திரன் சூரியனிலிருந்து சரியாக 90 பாகையில் நிற்கும் கணம். வானியல் அட்டவணைகளில் சந்திரன் பாதியாகும் நேரம் என்று கொடுத்திருப்பது அதுதான். இரண்டும் நிமிடக் கணக்கில் ஒத்தால் திருக்கணிதம், மணிக்கணக்கில் விலகினால் வாக்கியம்.

என் முடிவு இது. குழந்தைக்கு ஜாதகம் எழுதவும் பொருத்தம் பார்க்கவும் திருக்கணிதம்தான், உதயம் பிறந்த ஊருக்கு. அங்கே வேண்டியது சந்திரன் உண்மையில் நின்ற இடம், மேலே கண்ட இரண்டு பாகை வித்தியாசத்தில் நட்சத்திர பாதமே மாறிவிடும். கோயில் விழாவுக்கு அந்தக் கோயில் எதைப் பின்பற்றுகிறதோ அது, வீட்டிலிருந்து திருத்த வேண்டாம். தெவசத்துக்கு மட்டும் என் கருத்தைவிடக் குடும்ப வழக்கம் பெரியது. வாக்கியத்தைப் பிடித்து வந்தவர்களின் வாதத்திலும் நியாயம் இருக்கிறது. திதி 54 நாழிகைக்குக் குறையாது, 65க்கு மேல் போகாது என்ற எல்லையை வைத்தே நாள் நிர்ணய விதிகள் எழுதப்பட்டன என்கிறார்கள். தகப்பனார் தம் தகப்பனாருக்கு எதைப் பார்த்துச் செய்தாரோ அதையே பாருங்கள், செய்து வைக்கும் சாஸ்திரிகளிடமும் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

செய்யக்கூடாதது ஒன்று உண்டு. இந்த வருடம் வாக்கியம், அடுத்த வருடம் விடுமுறைக்கு வசதியாக இருக்கிறது என்று திருக்கணிதம் என மாற்றக்கூடாது. இறந்த திதியை ஒன்றில் குறித்து வைத்துக்கொண்டு வருடா வருடம் இன்னொன்றில் தேடவும் கூடாது. நம் உதாரணப் புதனன்று பிற்பகல் 2 மணிக்கு ஒருவர் இறந்திருந்தால் திருக்கணிதத்தில் அவர் திதி அஷ்டமி, வாக்கியத்தில் சப்தமி. குறித்தது ஒன்று, தேடுவது இன்னொன்று என்றால் ஒவ்வொரு வருடமும் வேறு ஒரு திதிக்குத்தான் பிண்டம் போகும். பழைய நோட்டுப் புத்தகத்தில் "ஆவணி தேய்பிறை அஷ்டமி" என்று மட்டும் எழுதியிருந்தால், பக்கத்தில் இறந்த தேதி, நேரம், ஊர், எந்தப் பஞ்சாங்கம் என்ற நான்கையும் இன்றைக்கே எழுதிச் சேர்த்துவிடுங்கள். தேதியும் நேரமும் இருந்தால் எந்தக் கணிதத்தில் வேண்டுமானாலும் பின்னால் போட்டுச் சரிபார்க்க முடியும்.